சதுரத்தில் எறிந்து வட்டத்தில் பொறுக்குவது

இந்த அறக்கட்டளைப் பொழிவுக்கு மிகச் சிறிய பொருள் ஒன்றை எடுத்துக்கொண்டிருக்கிறேன். நிரலாக எழுதினால் பத்து வரிக்குள் அடங்கிவிடும். கணினியிடம் சமவாய்ப்பு எண் கேட்டால், அது பூச்சியத்துக்கும் ஒன்றுக்கும் இடையில் ஏதோ ஓர் எண்ணைத் தருகிறது. அந்த இடைவெளியில் எந்தப் பகுதிக்கும் தனிச் சலுகை கிடையாது, 0.1-க்கு அருகில் விழவும் 0.9-க்கு அருகில் விழவும் ஒரே வாய்ப்பு. இதைச் சீரான பரவல் என்கிறோம். ஆனால் கேட்பவருக்குப் பெரும்பாலும் வேண்டியது இதுவல்ல. அளவீட்டுப் பிழை, மின்சுற்றின் இரைச்சல், ஒரு துகளின் தடுமாற்றம் ஆகியவற்றைக் கணினியில் நடத்திப் பார்க்க விரும்புகிறவருக்கு மணி வடிவ வளைவில் விழுகிற எண்கள் வேண்டும். நடுவில் நிறைய, ஓரத்துக்குப் போகப் போக அரிதாக, ஆனால் எவ்வளவு தொலைவிலும் முற்றிலும் இல்லாமல் போகாதவையாக அவை இருக்கவேண்டும். சீரான எண்ணை இப்படிப்பட்ட இயல்நிலை எண்ணாக மாற்ற வழிகள் பல. அவற்றுள் ஜார்ஜ் மார்சாக்லியாவும் பிரேயும் 1964-இல் வெளியிட்ட துருவ முறை ஒன்றை மட்டும் இங்கே பிரித்துப் பார்க்கிறேன். கிடைத்த புள்ளிகளில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்று மேலானதை இந்த முறை தூக்கி எறிகிறது. வேகத்துக்காகக் கொடுக்கும் விலை என்று இதைப் பாடநூல்கள் சொல்லிக் கடந்துவிடும். என் வாதம் வேறு: எறிவதுதான் இம்முறையின் வேலையே. அதை நீக்கினால் மிஞ்சுவது, சரியாகத் தோற்றமளிக்கும் தவறு.

முதலில் பழைய குறுக்குவழியைப் பார்த்துவிடுவோம். சீரான எண்கள் பன்னிரண்டைக் கூட்டி ஆறைக் கழி. இயல்நிலை எண் கிடைத்துவிடும் என்று வெகுகாலம் சொல்லிவந்தார்கள். பன்னிரண்டு என்பது ஏதோ ராசியான எண் அல்ல. ஒரு சீரான எண்ணின் பரவற்படி பன்னிரண்டில் ஒரு பங்கு. பன்னிரண்டைக் கூட்டினால் அது சரியாக ஒன்றாகும். சராசரி ஆறு, அதைக் கழித்தால் பூச்சியம். வசதியான கணக்குதான். ஆனால் சராசரியும் பரவற்படியும் பொருந்துவதாலேயே வளைவு பொருந்திவிடாது. இந்தக் கூட்டல் முறை ஆறுக்கு மேல் எண் தரவே தராது. அது கிடக்கட்டும், மூன்று திட்ட விலக்கத்துக்கு அப்பால் விழவேண்டியவை ஆயிரத்தில் 2.7, இந்த முறையில் விழுபவை ஆயிரத்தில் ஏறத்தாழ இரண்டுதான். அதாவது, அரிய நிகழ்வுகளில் கால்பங்கு காணாமல் போகிறது. பெரும்பாலும் அந்த அரிய நிகழ்வுக்காகத்தான் கணினியை ஓட்டுகிறோம். வால் பகுதியில் கை வைப்பதைப் பொறுத்துக்கொள்ள முடியாது என்பதை இங்கேயே குறித்துக்கொள்வோம். பின்னால் திரும்ப வருவேன்.

தோராயம் இல்லாத வழி ஒன்றை 1958-இல் பாக்ஸும் முல்லரும் ஒரு சிறு குறிப்பாக எழுதினார்கள். அதன் நுட்பம் இதுதான்: ஓர் இயல்நிலை எண்ணைச் செய்வதைவிட இரண்டைச் சேர்த்துச் செய்வது எளிது. கேட்க விந்தையாக இருக்கும். மணி வளைவின் கீழ் ஒரு புள்ளி வரையுள்ள பரப்பைப் பள்ளிக்கூடச் சார்புகளால் எழுதிக்காட்ட முடியாது. ஆகவே ஒற்றை எண்ணைத் தலைகீழாக்கிப் பெறுவது சிக்கல். ஒன்றையொன்று சாராத இரண்டு இயல்நிலை எண்களை எடுத்து, ஒன்றைக் கிழக்கு மேற்காகவும் மற்றதை வடக்கு தெற்காகவும் வைத்து ஒரு புள்ளியைக் குறித்துப் பாருங்கள். அந்தப் புள்ளி விழும் அடர்த்தி, நடுவிலிருந்து அதன் தொலைவை மட்டுமே பொறுத்தது. எந்தத் திசையும் மற்றதைவிட உயர்ந்ததல்ல. ஆகவே திசை முழுக்கச் சீரானது. தொலைவின் கணக்கும் தெளிவாகப் பிரிகிறது: புள்ளி r என்ற தொலைவுக்கு வெளியே விழும் நிகழ்தகவு e^(-r²/2). இதைத் தலைகீழாக்க ஒரு மடக்கையும் ஒரு வர்க்கமூலமும் போதும். U என்ற சீரான எண்ணிலிருந்து தொலைவு √(-2 ln U) என்று கிடைக்கும். இன்னொரு சீரான எண்ணை 2π-ஆல் பெருக்கினால் கோணம். தொலைவைக் கோணத்தின் கொசைனால் பெருக்கினால் ஓர் எண், சைனால் பெருக்கினால் மற்றோர் எண். கணிதத்தில் இதற்குமேல் ஒன்றும் தேவையில்லை. அன்றைய கணினியில் சைனும் கொசைனும் நேரம் தின்றன என்பதுதான் குறை.

மார்சாக்லியாவும் பிரேயும் செய்தது, கோணத்தைக் கணக்கிடாமலேயே கோணத்தின் கொசைனைப் பெறுவது. -1 முதல் 1 வரை சீராகப் பரவிய இரண்டு எண்களை எடுங்கள். V1, V2 என்று பெயர் வைப்போம். இரண்டும் சேர்ந்து, இரண்டு அலகுப் பக்கமுள்ள சதுரத்துக்குள் ஒரு புள்ளியைக் குறிக்கும். அந்தச் சதுரத்துக்குள் ஓரங்களைத் தொட்டுக்கொண்டு ஓர் அலகு வட்டம் வரைந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். புள்ளி வட்டத்துக்கு வெளியே, நான்கு மூலைகளில் ஒன்றில் விழுந்தால் எறிந்துவிட்டு இரண்டு எண்களையும் புதிதாக எடுக்கவேண்டும். உள்ளே விழுந்தால் வைத்துக்கொள்ளலாம். வட்டத்துக்குள் சீராக விழுந்த புள்ளிக்குத் திசையும் சீரானது. V1-ஐ நடுவிலிருந்து உள்ள தொலைவால் வகுத்தால் அதுவே கொசைன், V2-ஐ வகுத்தால் சைன். எந்த அட்டவணையும் வேண்டாம். இதுவரை பாதிதான். அடுத்த பாதிதான் அழகு. S = V1² + V2² என்று வைத்துக்கொள்ளுங்கள். S ஒரு குறிப்பிட்ட s-க்குள் அடங்குகிறது என்றால், புள்ளி √s ஆரமுள்ள சிறு வட்டத்துக்குள் இருக்கிறது என்று பொருள். சிறு வட்டத்தின் பரப்பு πs, பெரிய வட்டத்தின் பரப்பு π; விகிதம் s. அதாவது S பூச்சியம் முதல் ஒன்று வரை சீராகப் பரவியது! புள்ளி எந்தத் திசையில் இருக்கிறது என்பதற்கும் S-க்கும் தொடர்பே இல்லை. எனவே, தொலைவுக்காகப் பாக்ஸும் முல்லரும் தனியாக எடுத்த சீரான எண்ணின் இடத்தில் S-ஐயே உட்கார வைக்கலாம். உள்ளா வெளியா என்று சோதிக்கக் கணக்கிட்ட அதே எண் இங்கே சரக்காகவும் ஆகிவிடுகிறது.

```python
from math import log, sqrt
from random import random

def pair():
    while True:
        v1 = 2*random() - 1
        v2 = 2*random() - 1
        s = v1*v1 + v2*v2
        if 0 < s < 1:
            m = sqrt(-2*log(s)/s)
            return v1*m, v2*m
```

கையால் ஒருமுறை போட்டுப் பார்ப்போம். முதலில் வந்த சீரான எண்கள் 0.82, 0.93 என்று கொள்வோம். இரட்டித்து ஒன்றைக் கழித்தால் 0.64, 0.86. வர்க்கங்களின் கூட்டல் 1.1492, ஒன்றைத் தாண்டிவிட்டது, எறிகிறோம். அடுத்து 0.37, 0.71 வருகின்றன. அவை -0.26, 0.42 ஆகும்; S = 0.0676 + 0.1764 = 0.2440. உள்ளே விழுந்தது. 0.2440-இன் இயல் மடக்கை -1.4106. அதை -2-ஆல் பெருக்க 2.8212, 0.2440-ஆல் வகுக்க 11.562; வர்க்கமூலம் 3.4003. இந்தப் பெருக்கியை இரண்டுக்கும் போட்டால் -0.884, 1.428 என்று இரண்டு இயல்நிலை எண்கள் கிடைக்கின்றன. இந்தப் பெருக்கியின் போக்கைக் கவனியுங்கள். வட்டத்தின் விளிம்பருகே S ஒன்றை நெருங்க, மடக்கை பூச்சியத்தை நெருங்குகிறது; விளிம்பில் விழுந்த புள்ளி நடுவுக்கு இழுக்கப்படுகிறது. நடுவை ஒட்டி விழுந்த புள்ளியோ வெகுதூரம் தள்ளப்படுகிறது. சட்டையை உள்புறம் வெளியே திருப்பிப் போடுவது போன்ற மாற்றம் இது. சரியாக நடுவிலேயே விழுந்தால் S பூச்சியம், அதற்கு மடக்கை இல்லை. நிரலில் `0 < s` என்று எழுதியிருப்பது அதற்காக.

இனி எதிர்வாதங்களுக்கு வருகிறேன். எடுத்ததும் வரும் வாதம்: எண்களை வீணாக்குகிறோமே. கணக்கு இதோ. சதுரத்தின் பரப்பு 4, வட்டத்தின் பரப்பு π. தேறும் விகிதம் π/4, அதாவது 0.785. ஒரு சோடி தேறச் சராசரியாக 1.27 முறை எறியவேண்டும். ஓர் இயல்நிலை எண்ணுக்கு 1.27 சீரான எண்கள் செலவு. பாக்ஸ்-முல்லர் முறையில் ஒன்றுக்கு ஒன்று. இந்தக் கால்பங்குக் கூடுதல் செலவைக் கண்டு சிக்கனக்காரர் ஒருவர் சோதனை வரியை அழித்துவிடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். நிரல் உடனே காட்டிக் கொடுத்துவிடும்: மூலையில் விழுந்த புள்ளிக்கு S ஒன்றைவிடப் பெரிது, மடக்கை நேர்குறி, குறையெண்ணுக்கு வர்க்கமூலம் கேட்டு நின்றுவிடும். அது நல்ல பிழை. சத்தம் போடுகிற பிழை. எனவே அவர் சற்று யோசித்து இப்படிச் செய்கிறார்: சதுரத்தில் விழுந்த புள்ளியைத் திசைக்கு மட்டும் வைத்துக்கொள்வோம், தொலைவுக்கு மூன்றாவதாக ஒரு சீரான எண்ணை எடுத்துக்கொள்வோம், எதையும் எறியவேண்டாம். இப்போது நிரல் நிற்காது. எண்கள் வரும். சராசரி பூச்சியம். பரவற்படி சரியாக ஒன்று. இரண்டு எண்களுக்கும் இடையே ஒட்டுறவுக் கெழு பூச்சியம். வரைபடம் போட்டால் மணி மாதிரியே இருக்கும்.

ஆனால் தவறு. சதுரத்தின் நடுவிலிருந்து பக்கத்துக்கு ஓர் அலகு தூரம், மூலைக்கு √2. மூலைத் திசையில் இடம் கூடுதல் என்பதால், அந்தத் திசையில் விழும் அடர்த்தி பக்கத்தின் திசையில் விழுவதைப் போல இருமடங்கு. ஆகவே கிடைக்கும் புள்ளிகள் மூலைவிட்டங்களை ஒட்டிச் சாய்ந்து நிற்கின்றன. ஓர் எண் பெரிதாகும்போது மற்றதும் பெரிதாக முனைகிறது, குறி எதுவானாலும். இந்தச் சாய்வை அளந்தே காட்டலாம். இரண்டு எண்களையும் தனித்தனியே வர்க்கப்படுத்திப் பெருக்கினால், அந்தப் பெருக்கத்தின் சராசரி ஒன்றாக இருக்கவேண்டும். சிக்கனக்காரரின் முறையில் அது π - 2, அதாவது 1.1416. ஓர் எண்ணின் நாலாம் அடுக்கின் சராசரி மூன்றாக இருக்கவேண்டும். அங்கே வருவது 6 - π, அதாவது 2.8584. பை வந்து நிற்பதைப் பாருங்கள். வெட்டி எறியாமல் விட்ட மூலைகள், கணக்கில் தங்கள் கையெழுத்தைப் போட்டுவிட்டுப் போயிருக்கின்றன.

இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பதிலும் ஒரு பாடம் உண்டு. எண்களை ஒவ்வொன்றாகச் சோதித்தால் எளிதில் அகப்படாது. நாலாம் அடுக்கு மிகவும் தாவித்தாவி வரும் அளவு. சரியான முறையிலேயே அதன் திட்ட விலக்கம் ஏறத்தாழ 9.8. பத்தாயிரம் எண்களின் சராசரியில்கூட 0.1 அளவு தடுமாற்றம் இருக்கும். நாம் தேடும் வித்தியாசமோ 0.14. தற்செயல் என்று தள்ளிவிடலாம். வர்க்கங்களின் பெருக்கத்தை எடுத்தால் கதை வேறு. அதன் திட்ட விலக்கம் 2.83 மட்டுமே, பத்தாயிரம் சோடிகளின் சராசரியில் தடுமாற்றம் 0.028. அதே 0.14 இங்கே ஐந்து மடங்கு தடுமாற்றமாகத் துருத்திக்கொண்டு நிற்கும். இரட்டையாகப் பிறந்த எண்களை இரட்டையாகத்தான் சோதிக்கவேண்டும்.

எறிவது வீண் என்ற வாதத்துக்கு என் விடை இதுதான்: சதுரம் என்பது நமக்குக் கிடைக்கும் வடிவம், வட்டம் என்பது நமக்கு வேண்டிய வடிவம். மூலைகளை நீக்குவது ஒன்றே திசையைச் சீராக்குகிறது. அந்த நீக்கமே S-ஐயும் சீராக்கித் திசையிலிருந்து பிரித்து வைக்கிறது. முறத்தில் புடைப்பவர் உமியைக் கழிப்பதை யாரும் நெல் இழப்பு என்று சொல்வதில்லை.

அடுத்த வாதம்: இந்தச் சுற்று முடியாமலே போனால்? கணித முறைப்படி முடியாமல் போவதற்கான நிகழ்தகவு பூச்சியம். நடைமுறைக்கு எண்ணாகச் சொன்னால், தொடர்ந்து பத்து முறை வெளியே விழுவது ஏறத்தாழ 48 லட்சத்தில் ஒருமுறை. இருபது முறை என்றால், அதையும் அதே அளவால் வகுக்கவேண்டும். சீரான எண்களைத் தரும் நிரல் ஒழுங்காக இருக்கும்வரை இதற்குப் பயப்படத் தேவையில்லை. நூறு சுற்றுக்குப் பிறகும் ஒரு நிரல் வெளியே வரவில்லை என்றால், துருவ முறையை அல்ல, அடியிலுள்ள எண் ஊற்றைச் சந்தேகியுங்கள்.

வால் பகுதிக்குத் திரும்ப வருவதாகச் சொன்னேன். கணினியின் சீரான எண் உண்மையில் தொடர்ச்சியானதல்ல, படிப்படியானது. 32 பிட்டுகளால் ஆன எண்ணில் பூச்சியத்துக்கு அடுத்த மிகச் சிறிய மதிப்பு 2^-32. பாக்ஸ்-முல்லர் முறையில் தொலைவைத் தீர்மானிப்பது அந்த ஒற்றை எண். அதன் மிகச் சிறிய மதிப்பைப் போட்டால் கிடைக்கும் மிகப் பெரிய தொலைவு 6.66. அதற்கு மேல் ஒன்றுமே வராது. உண்மை மணி வளைவில் அந்த எல்லைக்கு அப்பால் விழுவது ஏறத்தாழ 3,660 கோடியில் ஓர் எண்தான். ஆனால் பெரிய கணக்கீடுகள் இன்று அந்த எண்ணிக்கையைத் தொடாதவை அல்ல. துருவ முறையில் தொலைவைத் தீர்மானிப்பது S. அது இரண்டு எண்களின் வர்க்கங்களால் ஆனது. அதே 32 பிட்டுகளில் V-க்களின் படி 2^-31 என்றால், S-இன் மிகச் சிறிய மதிப்பு 2^-62. அதிலிருந்து கிடைக்கும் எல்லை 9.27. கூடுதல் செலவில்லாமல் வால் நீண்டுவிடுகிறது. எறிந்து பொறுக்கும் முறை தோராயமானது, கோணம் போட்டுக் கணக்கிடும் முறை துல்லியமானது என்று ஓர் எண்ணம் பரவலாக உண்டு. உண்மை இதில் நேர் எதிராக இருக்கிறது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு, இம்முறைக்கு எதிராக நிற்கும் நியாயமான வாதங்களை மறைப்பது முறையாகாது. வரைகலைச் செயலிகளில், ஒரே கட்டளையை 32 இழைகள் ஒன்றாக நடத்துகின்றன. எல்லா இழைகளும் முதல் எறிதலிலேயே தேறுவது பத்தாயிரத்தில் நான்கைந்து தடவைதான். தேறியவை தேறாதவற்றுக்காகக் கைகட்டிக் காத்திருக்க, சுற்றுகளின் சராசரி 1.27 என்பதிலிருந்து மூன்றுக்குச் சற்று மேலே போய்விடுகிறது. என்விடியாவின் `curand_normal` பாக்ஸ்-முல்லர் முறையில் நிற்பது வியப்பல்ல. எத்தனை சீரான எண்கள் செலவாகும் என்று முன்கூட்டிச் சொல்ல முடியாததும் ஒரு தொல்லை. சோபோல் வரிசை போன்ற, இடைவெளி விடாமல் திட்டமிட்டு அடுக்கிய எண்களில் முதல் எண் முதல் மாறிக்கு, இரண்டாவது இரண்டாவதுக்கு என்று இடம் ஒதுக்கியிருப்பார்கள்; நடுவில் ஒரு சோடியை எறிந்தால் அந்த ஒதுக்கீடு முழுக்கக் கலைந்துவிடும். அங்கே துருவ முறையைப் பயன்படுத்தவே கூடாது.

இன்னொரு வரம்பும் உண்டு, இதைச் சுட்டியவரும் மார்சாக்லியாதான். அக்காலத்தில் பெருவழக்கிலிருந்த பெருக்கல் முறைச் சீரான எண்களை அடுத்தடுத்து எடுத்துப் புள்ளிகளாக வைத்தால், அவை ஒருசில தளங்களில் மட்டும் அடுக்காக விழுகின்றன என்று 1968-இல் காட்டினார். துருவ முறை அந்த அடுக்கைக் கலைப்பதில்லை. வட்டத்துக்குள் கோடு கோடாக விழுந்த புள்ளிகள், வெளியே நீட்டப்பட்டும் கோடு கோடாகவே இருக்கும். எறிவது வடிவத்தைத் திருத்தும். ஊற்றின் குணத்தைத் திருத்தாது.

நிரல் எழுதுவோர் கவனத்துக்கு ஒரு சிறு விஷயம். ஒவ்வொரு முறையும் இரண்டு எண்கள் பிறப்பதால், ஒன்றைக் கொடுத்துவிட்டு மற்றதை அடுத்த அழைப்புக்கு எடுத்து வைப்பது வழக்கம். ஜாவாவின் `java.util.Random` அப்படித்தான் `haveNextNextGaussian` என்ற அடையாளத்தோடு வைத்துக்கொண்டது. தொடக்க எண்ணை மீண்டும் அமைக்கும்போது அந்த மிச்சத்தையும் அழிக்கவேண்டும்; `setSeed` அதைச் செய்கிறது. சொந்தமாக எழுதுகிறவர்கள் இதை மறந்தால், ஒரே தொடக்க எண்ணிலிருந்து இரண்டு முறை ஓட்டியும் முதல் எண்ணாகப் பழைய மிச்சம் வந்து, மற்றவை ஓரிடம் தள்ளிப்போகும். நம்பை நூலகத்தின் பழைய `RandomState` தன் நிலையைச் சேமிக்கும்போது, மீந்த எண்ணையும் சேர்த்தே சேமிப்பது இதற்காகத்தான்.

வேகம் ஒன்றே குறி என்றால் இன்று இதைவிட விரைந்த முறைகள் உள்ளன. 2000-இல் அதே மார்சாக்லியா சாங் என்பவரோடு சேர்ந்து தந்த சிகுராட் முறை, மணி வளைவைப் படிக்கட்டுச் செவ்வகங்களாக அடுக்கி, பெரும்பாலான தடவை மடக்கையையே தொடாமல் எண்ணைத் தந்துவிடுகிறது. நம்பையின் புதிய `Generator` அதற்கு மாறிவிட்டது. அதுவும் எறிந்து பொறுக்கும் முறைதான். எறியும் பங்கைக் குறைத்திருக்கிறது, அவ்வளவே. அதற்கு அட்டவணை வேண்டும், வாலுக்குத் தனி ஏற்பாடு வேண்டும். பத்து வரியில், அட்டவணை இல்லாமல், வால் உட்பட முழு வளைவையும் தரக்கூடியது என்று கேட்டால், சாதாரணக் கணினிக்கு நான் இன்றும் துருவ முறையைத்தான் சொல்வேன். ஜிசிசி தொகுப்பியோடு வரும் சி++ நூலகத்தின் `std::normal_distribution` இன்னும் இதில்தான் நிற்கிறது. உங்களில் யாரேனும் இதைச் சொந்தமாக எழுதினால், சராசரியும் பரவற்படியும் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். பத்தாயிரம் சோடிகளை எடுத்து, வர்க்கங்களின் பெருக்கத்துக்குச் சராசரி போடுங்கள். ஒன்றை ஒட்டி வருகிறதா, 1.14-ஐ ஒட்டி வருகிறதா என்று பாருங்கள்.